வாடகை ரசீது குடுக்கறவங்க கவனிங்க
சார், மேடம், சம்பளத்துல வர்ற வீட்டு வாடகைப்படி, அதான் எச்ஆர்ஏ, வரிக்கான வருமானத்துல இருந்து முழுசா கழியும்னு நினைச்சுக்காதீங்க. பழைய வரி முறையில இருந்தாத்தான் இது உண்டு. வாங்குற எச்ஆர்ஏ, சென்னை மாதிரி மெட்ரோ இல்லாத ஊர்ல பேசிக்+டிஏல 40%, வாடகைல அந்த பேசிக்+டிஏவோட 10% போக மீதி, இந்த மூணுல எது கம்மியோ அதுதான் கழியும்.

வேலூர் சத்துவாச்சாரில மாசம் 9,000 வாடகை, பேசிக்+டிஏ 40,000, எச்ஆர்ஏ 10,000னு வைங்க. 40% 16,000 வருது, ஆனா வாடகைல 4,000 போனா 5,000தான், அதனால வருஷத்துக்கு 60,000 கழியும், மிச்ச எச்ஆர்ஏ 60,000க்கு வரி உண்டு. பெரும்பாலும் வாடகை கணக்குலதான் இடிக்குது.

வருஷ வாடகை 1,08,000 ஆகுது, 1 லட்சம் தாண்டுதுல்ல, ஹவுஸ் ஓனர் பான் நம்பர் கண்டிப்பா வேணும், இப்பவே கேட்டு வாங்கிடுங்க.