கிட்டிப்புள்ளைப் பாடமாக்குமுன்

ஆசிரியர் அவர்களுக்கு,

கிட்டிப்புள்ளைப் பாடசாலைக்குள் கொண்டுவர வேண்டும் என்று சொல்கிறவர்கள் நிறையப் பேர். புள்ளின் முனையைப் பற்றிப் பேசுகிறவர்களைத்தான் காணவில்லை. நான் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியன். போன வருடம் உப்புவெளிப் பக்கம் ஒரு பாடசாலையில் தரம் 7 பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கப் போனேன்.

நாங்கள் சிறுவயதில் பூவரசங்கம்பில் சீவிய புள்ளுக்கு இரண்டு பக்கமும் பென்சில் மாதிரிக் கூர் இருக்கும். முனை நிலத்தில் படாமல் நின்றால்தான் தட்டியதும் எழும்பும். கண்ணைப் பதம் பார்ப்பதும் அதே கூர்தான். அதனால் முதல் நாள் முனைகளை மட்டமாக வெட்டிக் கொடுத்தேன். ஆபத்தோடு விளையாட்டும் போய்விட்டது. எத்தனை தட்டுத் தட்டினாலும் புள் அசையவில்லை. அப்புறம்தான் வழி பிடிபட்டது. நாலு அங்குலப் புள்ளின் முனைகளை விரல்நுனி போல உருட்டித் தேய்த்து, நடுவில் பழைய சைக்கிள் ரியூப்பை நறுக்கி மூன்று சுற்றுச் சுற்றினோம். நடு தடித்ததால் முனைகள் நிலத்தை விட்டுச் சற்று எழுந்து நின்றன, தட்டியதும் துள்ளியது. கடற்கரை மணலில் மட்டும் புதைந்துவிடும். அங்கே கீழே ஒரு பலகைத் துண்டு வேண்டும்.

தூரத்துக்கு அடிக்கும் அடியைப் பார்த்துத்தான் பெற்றோர் பயப்படுகிறார்கள். எனக்கு அதைவிடப் பயம், குழியின் மேல் புள்ளைக் குறுக்கே வைத்துக் கிட்டியால் நெம்பி எறியும் முதல் வீச்சில்தான். ஏந்திப் பிடித்தால் ஆள் அவுட் என்பதால் பிள்ளைகள் குனிந்தபடி குழியருகே வந்துவிடுவார்கள். புள் கீழிருந்து நேரே முகத்துக்கு வரும். ஆகவே குழியிலிருந்து பத்து எட்டில் சுண்ணாம்புக் கோடு போட்டேன். அதற்குள் யாரும் வரக்கூடாது. ஒருதரம் நிலத்தில் பட்டு எழும்பியதைப் பிடித்தாலும் அவுட்தான் என்று வைத்ததும் பாய்ந்து விழுவது குறைந்தது. அடுத்து ஆட இருப்பவர்கள் பக்கத்தில் நிற்காமல், பின்னால் பத்து எட்டுத் தள்ளி உட்கார வேண்டும். வியர்த்த கையிலிருந்து கிட்டி நழுவிப் பறப்பதை நானே கண்டிருக்கிறேன்.

காலைப் பாடவேளை என்றால் கடலைப் பார்த்து அடிக்க வைப்பேன். அப்போது எதிரே நிற்பவர்களுக்குச் சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும், புள் கண்ணுக்குத் தெரியும். இவ்வளவுக்குப் பிறகும் கண்ணில் பட்டுவிட்டால் தேய்க்கவோ அழுத்தவோ விடக்கூடாது. வலி போய்விட்டது என்று பிள்ளை சொன்னாலும் அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். உள்ளே கசிந்த இரத்தம் வெளியே தெரியாமலும் இருக்கலாம்.

வகுப்பில் 36 பேர். ஆறு குழி தோண்டலாம் என்றார் வகுப்பாசிரியர். இரண்டுக்கு மேல் ஒருவரால் பார்க்க முடியாது என்று மறுத்துவிட்டேன். மீதிப் பேரைப் புள் விழுந்த தூரத்தைக் கிட்டியால் அளந்து எழுத வைத்தேன். மூன்றாவது குழிக்கு இன்னொரு பெரிய ஆள் வேண்டும். அந்த ஆள்தான் கடைசிவரை கிடைக்கவில்லை.

ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
திருகோணமலை.