ஒன்பதாம் வகுப்புப் பெற்றோருக்கு: பாதியில் நின்ற உரையும் ஒரு மின்னஞ்சலும்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். போன வெள்ளிக்கிழமை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் தங்கள் ஊர்த் தண்ணீரைப் பற்றி ஆளுக்கு ஐந்து நிமிடம் பேசினார்கள். ஒரு மாணவன் பாதியில் நின்றுபோனதை உங்கள் பிள்ளைகள் வீட்டில் சொல்லியிருப்பார்கள். "அவனைத் திட்டினீங்களா, மார்க் குறைச்சீங்களா?" என்று இரண்டு பேர் போன் செய்து கேட்டீர்கள். திட்டவில்லை. ஒரு மின்னஞ்சல் எழுதினேன். அவனும் அவன் அம்மாவும் சம்மதித்ததால், பெயரை மட்டும் எடுத்துவிட்டு அதை இங்கே தருகிறேன். வீட்டில் பிள்ளைகள் பேசிப் பழகும்போது நீங்களும் ஏதாவது சொல்லத்தானே போகிறீர்கள்? அதற்கு இது உதவும்.

நடந்தது இதுதான். அவன் எடுத்துக்கொண்டது தன் ஊர்க் கண்மாயின் மடை. திரையில் பதினோரு ஸ்லைடு. எல்லாவற்றிலும் பத்தி பத்தியாக எழுத்து. எங்களுக்கு முதுகைக் காட்டி, பாதியை அவற்றைப் பார்த்து வாசித்தும் பாதியை மனப்பாடமாக ஒப்பித்தும் போனான். நான்காவது ஸ்லைடில் ஒரு சொல் வரவில்லை. கொஞ்ச நேரம் நின்றான், பிறகு முதல் வரியிலிருந்து மறுபடி தொடங்கினான். மணி அடித்தபோது மடை எப்படி வேலை செய்கிறது என்பதற்கே வந்து சேரவில்லை. கேள்வி நேரத்தில் ஒரு பெண் எழுந்து, "மடையத் திறந்தா தண்ணிதானே போகும், சேறு எப்படிப் போகும்?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு அவன் பேசியது வேறு பையன் பேசியது போல இருந்தது.

மின்னஞ்சல்:

"அன்புள்ள தம்பி,

வெள்ளிக்கிழமை நீ பேசியதைப் பற்றி எழுதுகிறேன். மடையைப் பற்றி அந்த அறையில் உன் அளவுக்குத் தெரிந்தவர் யாரும் இல்லை, என்னையும் சேர்த்துத்தான். நீர்பாய்ச்சியாக இருந்த உன் தாத்தாவோடு வறண்ட கண்மாய்க்குள் இறங்கி, இரண்டு கல் தூணுக்கும் நடுவே இருக்கும் துளையைச் சாண் போட்டு அளந்திருக்கிறாய். பென்சிலால் நீ வரைந்த குறுக்குவெட்டுப் படத்தில் மேலே நீரோடித் துளை, அடியில் சேறோடித் துளைகள், கரைக்கு அடியில் போகும் கால்வாய் மூன்றும் அதனதன் இடத்தில் இருக்கின்றன.

கேள்விக்கு நீ சொன்ன பதிலை நான் குறித்து வைத்தேன்: 'அடைப்பத் தூக்கினா தண்ணி சுழிச்சுட்டு இறங்கும் டீச்சர். அந்த இழுப்புல கீழ கெடக்குற சேறு பக்கத்து ஓட்ட வழியா உள்ள வந்துரும். தண்ணியோட வண்டலும் வயலுக்குப் போயிரும்.' கையால் சுழித்துக் காட்டிக்கொண்டே சொன்னாய். கடைசி பெஞ்சு வரை கேட்டது. ஒரு தடவைகூட நீ திரையைத் திரும்பிப் பார்க்கவில்லை.

வரும் புதன்கிழமை மூன்றாவது பாடவேளையில் மறுபடி பேசு. மூன்று நிமிடம் போதும், கேட்க எட்டுப் பேர்தான் இருப்பார்கள். அதற்குள் மூன்று வேலை.

ஒன்று, அந்தப் பெண் கேட்ட கேள்வியிலிருந்தே தொடங்கு. வெள்ளிக்கிழமை 'நீரின் இன்றியமையாமை', 'மன்னர்களின் நீர்த்தொண்டு' என்று இரண்டரை நிமிடம் போய்விட்டது. அது யாரும் பேசக்கூடியது, மடை உன்னிடம் மட்டும்தான் இருக்கிறது. 

இரண்டு, எழுதி மனப்பாடம் செய்யாதே. உன் தாளில் இருந்த 620 சொற்களை நான் நிதானமாக வாசித்துப் பார்த்தேன், ஏழு நிமிடம் ஆனது. ஐந்து நிமிடத்தில் அடக்க நீ வேகமாக ஓடினாய், ஓட்டத்தில் ஒரு சொல் நழுவியது. மனப்பாடத்தில் ஒரு சொல் போனால் அடுத்த சொல்லும் கூடவே போய்விடும். அதனால்தான் நீ முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. இந்த முறை உள்ளங்கை அளவு அட்டையில் ஐந்து சொல் மட்டும் எழுது: தூண், அடைப்பு, சுழி, சேறு, வயல். முதல் இரண்டு வாக்கியத்தையும் கடைசி வாக்கியத்தையும் மட்டும் மனதில் வைத்துக்கொள். நடுவில் தடுமாறினால் பின்னால் போகாமல் அட்டையில் இருக்கும் அடுத்த சொல்லுக்குப் போ.

மூன்று, ஒரே ஸ்லைடு, அதில் உன் பென்சில் படம் மட்டும். எழுத்து இல்லையென்றால் திரும்பி வாசிக்கத் தோன்றாது. துளையைக் காட்ட வேண்டும் என்றால் திரைக்குப் பக்கவாட்டில் நின்று கையை நீட்டிக் காட்டு. காட்டி முடித்ததும் எங்கள் பக்கம் திரும்பிவிட்டுப் பேசு.

செவ்வாய் மாலை ஒருமுறை தாத்தாவிடம் சொல்லிப் பார். அவர் எங்கே குறுக்கிட்டுத் திருத்துகிறார் என்று மட்டும் குறித்துக்கொண்டு வா."

மின்னஞ்சல் இவ்வளவுதான். இதை வெள்ளிக்கிழமை மாலையே எழுதிவிட்டேன், அனுப்பியது சனிக்கிழமை காலையில். வெள்ளிக்கிழமை அவன் காதில் சக மாணவர்கள் சிரித்த சத்தம்தான் இருந்திருக்கும். நல்ல சொல்லும் ஏறாது, திருத்தமும் ஏறாது. எனக்கும் அந்த ஓர் இரவு தேவைப்பட்டது. முதல் வரைவில் 'நன்றாக முயன்றாய்' என்று தொடங்கியிருந்தேன். காலையில் வாசித்தபோது எனக்கே கூசியது. நன்றாக அமையவில்லை என்று அவனுக்குத் தெரியும். அப்படித் தொடங்கினால், அடுத்து வரும் உண்மையான பாராட்டையும் ஆறுதல் வார்த்தையாகத்தான் எடுத்துக்கொள்வான். அதனால் அவன் மறுக்க முடியாதவற்றை மட்டும் வைத்தேன்: அளந்தது, வரைந்தது, சொன்ன பதில். திருத்தங்களும் அவற்றிலிருந்தே வந்தன. பதில் நன்றாக இருந்தது, ஆகவே அங்கிருந்து தொடங்கு. படம் நன்றாக இருந்தது, ஆகவே அதை மட்டும் காட்டு.

பாராட்டுக்கும் திருத்தத்துக்கும் நடுவே 'ஆனால்' வராமல் பார்த்துக்கொண்டேன். அந்தச் சொல்லைப் போட்டதும் முன்னால் சொன்னதெல்லாம் அடிபட்டுப் போகிறது. வேண்டுமானால் வீட்டில் ஒருநாள் சொல்லிப் பாருங்கள், பிள்ளையின் முகம் எந்த இடத்தில் மாறுகிறது என்று தெரியும்.

என் குறிப்பேட்டில் அவனுடைய பிழைகள் பதினொன்று இருந்தன. கால் மாற்றி மாற்றி ஆடியது, வாக்கியக் கடைசியில் குரல் இறங்கியது, சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தது எல்லாம் அதில் உண்டு. எட்டை விட்டுவிட்டேன். கேள்விக்குப் பதில் சொன்னபோது அந்த எட்டில் ஒன்றுகூட இல்லை. அவை மனப்பாடத்தின் பயத்தோடு வந்தவை. 'தன்னம்பிக்கையோடு பேசு' என்றும் எழுதவில்லை. அதைப் படித்துவிட்டு ஒரு பிள்ளை செவ்வாய்க்கிழமை மாலை என்ன செய்யும்? 'அட்டையில் ஐந்து சொல் எழுது' என்றால் உட்கார்ந்து எழுதும்.

மதிப்பெண்ணைக் கேட்டவர்களுக்கு: வெள்ளிக்கிழமை போட்டது அப்படியே இருக்கும், புதன்கிழமைப் பேச்சுக்குத் தனியாகப் போடுவோம். இரண்டில் எது அதிகமோ அதை எடுத்துக்கொள்வோம். மறுபடி பேச விரும்பும் மற்றப் பிள்ளைகளும் திங்கட்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் பெயர் கொடுக்கலாம்.

வீட்டில் பேசிப் பழகும்போது நடுவில் நிறுத்தித் திருத்தாதீர்கள். போனில் மூன்று நிமிடத்துக்கு டைமர் வைத்துவிட்டுக் கேளுங்கள். முடிந்ததும், உங்களுக்கு உண்மையிலேயே புரியாத ஒரு விஷயத்தைக் கேள்வியாகக் கேளுங்கள். பதிலில் நன்றாக வந்த வாக்கியம் இருந்தால் அதைக் குறித்து ஒரு துண்டுச் சீட்டில் கொடுத்தனுப்புங்கள். பேச்சை அதிலிருந்து தொடங்கச் சொல்கிறோம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்