செயலாளரின் ஆண்டறிக்கை: ‘லாஸ்ட்’ எழுத்தாளர்களுக்கு அனுப்பிய கடிதம்

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நமது தொடர் ரசிகர் சங்கத்தின் மாதக் கூட்டங்களும் திரையிடல்களும் வழக்கம்போல் நடைபெற்றன. ஆண்டின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டது, ‘லாஸ்ட்’ தொடரின் எழுத்தாளர்களான டேமன் லிண்டெலாஃப், கார்ல்டன் கியூஸ் இருவருக்கும் சங்கத்தின் சார்பில் நான் எழுதிய கடிதமே.

2010 மே 23 அன்று முடிந்த தொடருக்கு இப்போது எதற்குக் கடிதம் என்று, கூட்டங்களுக்கு வராத சிலர் வெளியில் கேட்டதாக அறிந்தேன். ஐந்தாம் பருவத்தில், காலம் விட்டுக் காலம் தூக்கி எறியப்படும் சாயரும் ஜூலியட்டும் மற்றவர்களும், கரையில் கிடந்த இரு படகுகளுள் ஒன்றை எடுத்துக்கொண்டு கடலில் செல்கையில், பின்னால் வரும் படகிலிருந்து சுடப்படுகிறார்கள்; ஜூலியட் திருப்பிச் சுடுகிறார். கரையில் கிடந்த படகில் அஜீரா விமான நிறுவனத்தின் தண்ணீர்ப் புட்டி இருந்ததால், அவர்கள் அப்போது அஜீரா விமானம் தீவில் இறங்கியதற்குப் பிந்தைய காலத்தில் இருந்தார்கள் என்பது தெளிவு. ஆகவே அதே சண்டையைத் துரத்துபவர்களின் பக்கத்திலிருந்து ஆறாம் பருவத்தில் காட்டியிருக்க வேண்டும். காட்டவில்லை. வட்டுத் தொகுப்பில் பின்னர் வந்த குறும்பகுதி உணவுப் பொட்டலங்களையும் பனிக்கரடிகளையும் விளக்கியதே தவிர, இதைத் தொடவில்லை.

முதல் வரைவில் உறுப்பினர்கள் தத்தம் ஊகங்களைச் சேர்த்துப் பல பக்கங்களாக்கியிருந்தனர். அவற்றை நான் நீக்கியது சிலருக்கு வருத்தம். வெளியாரின் கதை யோசனை அடங்கிய கடிதங்களை, பிற்காலத்தில் உரிமை வழக்கு வரக்கூடும் என்பதற்காகத் தயாரிப்பு நிறுவனங்கள் படிக்காமலே திருப்பி அனுப்புவது வழக்கம். “சுட்டவர் இன்னாராக இருக்கலாமா?” என்று நாம் ஒரு வரி எழுதினாலும் கடிதம் எழுத்தாளரின் மேசையை அடையாமல் போகலாம்.

“சுட்டது யார்?” என்றும் நான் கேட்கவில்லை. அதற்கான காட்சியை எழுதியதாகவும், விடை சொல்லாமல் விடுவதே நல்லது என்று பின்னர் முடிவெடுத்ததாகவும் அவர்களே வெளிப்படையாகக் கூறியுள்ளனர். மீண்டும் அதையே கேட்டால் அதே பதில்தான் வரும். துப்பாக்கிச் சூட்டை எழுதியபோதே துரத்துபவர்கள் யார் என்று முடிவாகியிருந்ததா, ஆறாம் பருவத்தின் எந்தக் கட்டத்தில், எதற்கு இடம் கொடுக்க அந்தக் காட்சி கைவிடப்பட்டது என்பனவே நம் கேள்விகள். காட்சியின் விவரம் ஒரு பத்தி, கேள்விகள் ஒரு பத்தி, அவ்வளவுதான். தொடர் முடிந்ததும் எழுத்தாளர் குழு கலைந்துவிடுவதால், தொலைக்காட்சி நிறுவனத்துக்கு அனுப்பாமல், இருவரின் முகவர்களுக்கும் தனித்தனிப் பிரதி அனுப்பினோம். பதில் இன்னும் வரவில்லை.

வரவும் செலவும் ஏறத்தாழச் சமமாக உள்ளன. விவரம் பொருளாளரிடம் உள்ளது. சந்தா பாக்கி வைத்துள்ளோர் பட்டியலை வாசித்து எவரையும் சங்கடப்படுத்த நான் விரும்பவில்லை. ஊகங்களை அனுப்பக் காட்டிய விரைவை அவர்கள் சந்தாவிலும் காட்டியிருந்தால், எழுத்தாளர்களுக்கு நினைவூட்டுக் கடிதம் அனுப்பும் தபால் செலவை இந்நேரம் ஒதுக்கியிருக்கலாம். ஒத்துழைத்த செயற்குழுவினருக்கு நன்றி. அடுத்த ஆண்டு இப்பொறுப்பை வேறொருவர் ஏற்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. கடிதத்தின் நகலும் முகவர்களின் முகவரிகளும் கோப்பில் உள்ளன, ஊகங்கள் மட்டும் தனி உறையில் இருக்கின்றன.

இங்ஙனம்,
செயலாளர்