கெடு முடிந்ததா, இல்லையா?

ஆசிரியருக்கு,

பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் விண்ணப்பக் கெடு 'இரவு 11:59, கிழக்கு நேரம்' என்று, அதாவது அந்நாட்டின் கிழக்குக் கரை நேரப்படி இருக்கும். குளிர்காலத்தில் அது நமக்கு மறுநாள் காலை 10:29, கோடையில் 9:29. இந்த ஒரு மணி நேர வித்தியாசத்தைப் பலர் கவனிப்பதில்லை.

என் அண்ணன் மகள் ஜனவரியில் விண்ணப்பித்தபோது கட்டணம் போய்விட்டது. ஆனால் சர்வரிடமிருந்து உரிய நேரத்தில் பதில் வரவில்லை என்று சொல்லும் `504 Gateway Timeout` பிழைச் செய்தி திரையில் வந்து நின்றது. ஒப்புகை எண் வரவில்லை. உடனே விண்ணப்பத்தின் பி.டி.எஃப்.பையும் கட்டண ரசீதையும் சேர்க்கை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் செய்தாள். அப்போது மணி 10:21. 'தாமதம்' என்றே பதில் வந்தது. ஸ்கிரீன்ஷாட் எடுபடவில்லை, கணினிக் கடிகாரத்தை யாரும் மாற்றலாமே! கைகொடுத்தது, அவர்களுக்குப் போய்ச் சேர்ந்த மின்னஞ்சலின் வழித்தடத்தைப் பதிந்து வைக்கும் தலைப்புத் தகவல்தான். அதில் `Received` வரியில் அவர்களுடைய சர்வரே 04:51 `+0000` என்று, உலகப் பொது நேரமான யு.டி.சி.யில் பதிந்திருந்தது. அதாவது அங்கே இரவு 11:51. விண்ணப்பத்தை ஏற்றுக்கொண்டார்கள்.

இத்தனை துப்பறியும் வேலை மாணவர்கள் தலையில் ஏன்? கெடுவை யு.டி.சி. நேரத்திலும் அறிவிக்கட்டும். 'சமர்ப்பி' பொத்தானை அழுத்திய நொடியே, கட்டணத்துக்குக் காத்திராமல், நேரத்துடன் ஒப்புகை எண் தரட்டும். தளம் முடங்கினால், முடங்கிய நேரத்தைக் கெடுவில் கூட்டித் தரட்டும்.

ஒரு வாசகர், திருச்சி