பலாகா பாடம் நடத்தும் உஸ்தாதுமார்களுக்கு ஒரு திறந்த மடல்

அஸ்ஸலாமு அலைக்கும்.

குர்ஆனின் இஃஜாஸ், அதாவது அதுபோல் எவராலும் கொண்டுவர முடியாத தன்மை, நம் மத்ரஸாக்களில் பெரும்பாலும் "அதன் அழகுக்கு ஈடில்லை" என்ற ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. அழகு எங்கே இருக்கிறது என்று மாணவர் கேட்டால் காட்ட வேண்டாமா? காட்டும் வழியை 11ஆம் நூற்றாண்டிலேயே அப்துல் காஹிர் அல்ஜுர்ஜானி வகுத்துத் தந்திருக்கிறார். அதைப் பாடத்தின் நடுவில் வையுங்கள் என்பதே எங்கள் வேண்டுகோள்.

சிறப்பு தனிச் சொற்களில் இல்லை என்பதிலிருந்து அவர் தொடங்குகிறார். அந்தச் சொற்களெல்லாம் அரபிகளிடம் முன்பே இருந்தவைதான். சொற்கள் இலக்கணப்படி ஒன்றோடொன்று கோக்கப்படும் விதம்தான் பொருளை வேறாக்குகிறது. இதை அவர் நழ்ம் என்கிறார்.

19:4ஐ எடுத்துக்கொள்ளுங்கள். முதுமையைச் சொல்லும் ஸகரிய்யா நபி "வஷ்தஅலர் ரஃஸு ஷைபா", தலை நரையால் பற்றி எரிந்தது, என்கிறார். நரையை நெருப்பாக்கிய உருவகம்தான் இங்கே அழகு என்று சொல்லி நிறுத்திவிடுவது வழக்கம். ஜுர்ஜானி அதை ஏற்கவில்லை. "இஷ்தஅல ஷைபுர் ரஃஸி", தலையின் நரை பற்றியது, என்று மாற்றிப் பாருங்கள். உருவகம் அப்படியே இருக்கிறது, வீச்சு மட்டும் போய்விடுகிறது. வசனத்தில் பற்றி எரிவது தலை. எரியும் நரையோ தம்யீஸாகப் பின்னால் வருகிறது. அதனால் தலையில் ஒரு மயிர்கூட மிஞ்சாமல் நரை பரவிவிட்டது என்ற பொருள் கிடைக்கிறது. தமிழிலேயே இதைக் காட்டலாம்: "வீட்டில் தீ பற்றியது" என்றால் ஒரு மூலையாகவும் இருக்கலாம், "வீடு பற்றி எரிந்தது" என்றால் முழு வீடும்தான். தர்ஜுமாவில் "தலை நரைத்துவிட்டது" என்று படிக்கும் மாணவருக்கு இது எட்டுவதேயில்லை.

இதை விளக்கியதும் இஃஜாஸ் நிரூபணமாகிவிட்டது என்று சொல்லிவிடாதீர்கள். இங்கேதான் பாடம் வழுக்குகிறது. உயர்ந்த நடை என்பது வேறு, எட்டவே முடியாத நடை என்பது வேறு. இடையிலுள்ள பாலம் சவால்தான். 11:13 பத்து சூராக்களைக் கேட்கிறது, 2:23 ஒரே ஒரு சூராவைக் கேட்கிறது. மிகச் சிறிய சூராவான அல்கவ்ஸர் மூன்றே வசனம். சொல்லாற்றலே பெருமையாக வாழ்ந்த குறைஷிகள் அந்த எளிய வழியை விட்டு வாளெடுத்தது அவர்களுடைய இயலாமையைக் காட்டுகிறது என்பது அறிஞர்களின் வாதம்.

முஃதஸிலா அறிஞர் நழ்ழாம் அதே மௌனத்துக்கு வேறு காரணம் சொன்னார்: அவர்களால் முடியும், அல்லாஹ் தடுத்துவிட்டான். இதுதான் ஸர்ஃபா. 1013இல் மறைந்த பாகில்லானி இதை மறுத்தார். அப்படியானால் அற்புதம் அந்தத் தடுப்புதானே, குர்ஆனின் சொல் அல்லவே என்றார். இந்த மறுப்பை மட்டும் சொல்லி நழ்ழாமை மறைக்காதீர்கள். எதிர்வாதம் தெரியாத மாணவருக்கு நழ்ம் ஏன் தேவைப்பட்டது என்பதே விளங்காது.

பிறகு 54:12ஐப் பலகையில் எழுதுங்கள்: "வஃபஜ்ஜர்னல் அர்ள உயூனா", பூமியை ஊற்றுகளாகப் பீறிடச் செய்தோம். "பூமியின் ஊற்றுகளைப் பீறிடச் செய்தோம்" என்று ஏன் வரவில்லை என்று மாணவரே சொல்லட்டும்.