கலியாணக் காட்டோடு நாலு வரியும் வையுங்கள்

ஆசிரியருக்கு,

போன மாதம் வவுனியாவிலிருந்து தபாலில் ஒரு கலியாணக் காட் வந்தது. நல்ல தடித்த மட்டை, நாலு மூலையிலும் மஞ்சள். இன்னார் தம்பதிகளின் சிரேஷ்ட புதல்வன் என்று இருந்தது. அந்த இன்னார் யாரென்று எனக்கும் மனைவிக்கும் பிடிபடவே இல்லை. மூன்றாம் நாள்தான் விளங்கியது, முந்தி உவர்மலையில் எங்கள் பக்கத்து வளவில் இருந்த பபாவின் மகனுக்குக் கலியாணம்! காட்டில் இருந்தது அவளுடைய புருஷனின் பெயர். அவரை நாங்கள் கண்டதே இல்லை.

அச்சடிப்பது பதிவுப் பெயரை. பழைய சிநேகிதருக்குத் தெரிந்ததோ வீட்டுப் பெயர். அதனால்தான் தூரத்துக்கு அனுப்பும் காட்டோடு கையால் எழுதிய துண்டு ஒன்று வேண்டும் என்கிறேன். ‘நேரில் வந்து அழைக்க முடியாமைக்கு வருந்துகிறோம்’ என்று அச்சுக்கூடத்தில் அடித்த வரி இதற்கு உதவாது.

என் மகளின் கலியாணத்துக்கு, மட்டக்களப்பில் இருக்கும் அப்பாவின் சிநேகிதருடைய மனைவிக்கு நான் எழுதியது இது:

“அன்புள்ள மாமிக்கு, நான் உப்புவெளி வாத்தியாரின் இளைய மகன் சின்னவன். காட்டில் உள்ள மணமகள் என் மூத்தவள், நீங்கள் கடைசியாகக் கண்டபோது தவழ்ந்த பிள்ளை. அம்மா முந்தின வருடம் தையில் மோசம் போய்விட்டா. உங்கள் விலாசம் அப்போது கையில் இருக்கவில்லை. நேரில் வந்து சொல்ல வேண்டியது, முடியவில்லை, குறை நினைக்க வேண்டாம். முகூர்த்தம் விடியக் காலை. முதல் நாளே வந்து எங்கள் வீட்டில் தங்குங்கள். எந்த பஸ் என்று சொன்னால் பெடியனை பஸ் ஸ்டாண்டுக்கு அனுப்புகிறேன்.”

இதில் அம்மாவின் சாவை நடுவில் ஒரே வரியில் முடித்ததைக் கவனியுங்கள். சொல்லாமல் விட்டால் மாமி வாசலில் வந்து நின்று ‘அம்மா எங்கே’ என்று கேட்பா. மங்கலக் கடிதத்தை அதில் தொடங்கவும் கூடாது, அதில் முடிக்கவும் கூடாது.

இன்னொன்று. காட் போய்ச் சேருகிற வீட்டில் ஆட்டைத் திவசம் முடியாமல் இருந்தால் ‘கட்டாயம் வரவேண்டும்’ என்று எழுதாதீர்கள். அவர்கள் நல்ல காரியத்துக்கு வரத் தயங்குவார்கள், வராததற்குக் காரணம் சொல்லவும் சங்கடப்படுவார்கள். ‘வர இயலாவிட்டால் விளங்கிக்கொள்வோம், இருந்த இடத்திலிருந்து ஆசீர்வதியுங்கள்’ என்றால் சரி.

டெலிபோன் நம்பரைத் துண்டின் அடியில் எழுதுங்கள், உறையில் வேண்டாம். உறையைக் கிழித்துப் போட்டுவிடுவார்கள். காட்டில் பூசிய மஞ்சள் நன்றாகக் காய்ந்த பிறகே துண்டை உள்ளே வையுங்கள். அவசரப்பட்டு வைத்ததில் என் முதல் கடிதத்தில் பஸ் வரி முழுக்க மஞ்சளாகி, திரும்ப எழுத வேண்டி வந்தது.

மாமி பதில் எழுதவில்லை, போன் எடுத்தா. முதல் கேள்வியே, “எந்தச் சின்னவன், மாமரத்தால விழுந்தவனோ?”

ஓம் என்றேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை.