வார்த்தைக் கணக்கு: இரு மொழியிலும் ஒரே கேள்வி

கிருஷ்ணகிரி

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்விலிருந்து ஆறாம் வகுப்புத் தமிழ்வழி, ஆங்கிலவழி இரண்டு பிரிவுக்கும் ஒரே கணக்குத் தாள்தான். ஒவ்வொரு கேள்வியும் தமிழிலும் ஆங்கிலத்திலும் அருகருகே இருக்கும். "எண்கள் ஒன்றுதானே, மொழிபெயர்க்க என்ன இருக்கிறது?" என்று பெற்றோர் கூட்டத்தில் சிலர் கேட்டீர்கள். நியாயமான கேள்வி. ஒரு கணக்கைக் காட்டினால் புரியும்.

போச்சம்பள்ளிச் சந்தையில் கலா 36 கிலோ மாம்பழம் விற்றார். இது செல்வி விற்றதைவிட 9 கிலோ குறைவு. செல்வி விற்றது எத்தனை கிலோ?

விடை 45. ஆனால் "குறைவு" என்று கண்ணில் பட்டதும் கழித்துவிட்டு 27 என்று எழுதும் பிள்ளைகள் உண்டு. யாரிடம் அதிகம் என்று நின்று யோசிப்பவர்தான் கூட்டுவார். இந்தக் கணக்கு சோதிப்பதே அதைத்தான்.

இதே கணக்கை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குக் கொண்டுவரும்போது, வாசிக்கச் சரளமாக இருக்கட்டும் என்று "செல்வி, கலாவைவிட 9 கிலோ கூடுதலாக விற்றார்" என மாற்றிவிடுவது சுலபம். எண் மாறவில்லை, கிலோ மாறவில்லை, விடையும் 45தான். ஆனால் "கூடுதல்" என்ற சொல்லே கூட்டச் சொல்லிவிடுகிறது. யோசிக்க ஒன்றும் மிச்சமில்லை. ஆங்கிலவழிப் பிள்ளைக்குக் கடினமான கேள்வி, தமிழ்வழிப் பிள்ளைக்கு எளிய கேள்வி என்றாகிவிடும். அதனால் எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்ற வரிசையை மாற்றாமல் எழுதச் சொல்லியிருக்கிறேன். வாக்கியம் கொஞ்சம் முறுக்காக இருந்தாலும் பரவாயில்லை.

அளவுகளிலும் இப்படித்தான். "2 ஏக்கர் 40 சென்ட்" என்பதை "2.4 ஏக்கர்" என்று எழுதினால் தவறில்லை, 100 சென்ட்தான் ஒரு ஏக்கர். ஆனால் நிலத்தைப் பாதியாகப் பிரிக்கும் சாதாரணக் கணக்கு தசமக் கணக்காகிவிடும்.

தேர்வு முடிந்ததும் இரு பிரிவு விடைத்தாள்களையும் சேர்த்து வைத்துப் பார்ப்போம். மதிப்பெண்ணை மட்டுமல்ல, தவறான விடைகளையும். ஒரு பிரிவில் பலர் 27 என்று எழுதி, மற்றதில் யாருமே எழுதாமல் இருந்தால், பிள்ளைகளைச் சொல்வதற்கு முன் மொழிபெயர்ப்பைத்தான் சந்தேகிக்க வேண்டும். அந்தக் கேள்வியை மறுபடி எழுதுவோம்.

வீட்டில் ஆங்கிலக் கணக்கைத் தமிழில் சொல்லிக் கொடுக்கிறீர்கள், நல்லது. சொல்லும்போது "மொத்தம்", "மீதி" என்று கேள்வியில் இல்லாத சொல்லைச் சேர்த்துவிடாதீர்கள். அது பாதி விடையைச் சொல்லிவிடும். பிள்ளை தடுமாறினால் ஒன்று மட்டும் கேளுங்கள்: "யார் அதிகம் விற்றது, கலாவா செல்வியா?" அப்புறம் இருவருக்கும் ஒவ்வொரு கோடு போடச் சொல்லுங்கள், அதிகம் விற்றவருக்கு நீளமாக. கூட்டுவதா கழிப்பதா என்பதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

இந்த வாரம் மாதிரித் தாள் ஒன்று பிள்ளைகளிடம் கொடுத்தனுப்புகிறோம். தமிழும் ஆங்கிலமும் ஒத்துப்போகவில்லை என்று தோன்றும் கேள்வியை வட்டமிட்டுத் திருப்பி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்